மேசை விளிம்பில் தொங்கும் சங்கிலி: கணக்கில் 20 கண்ணி, கையில் 27 கண்ணி

கேள்வி: 1 மீட்டர் நீளமுள்ள சீரான சங்கிலி சொரசொரப்பான மேசைமேல் கிடக்கிறது, உராய்வுக் குணகம் 0.25. எவ்வளவு தொங்கினால் நழுவ ஆரம்பிக்கும்? கணக்குப் போட்டால் 20 செ.மீ. வருகிறது. வீட்டில் செய்து பார்த்தால் அதற்கு மேல் தொங்கியும் நிற்கிறது. எது தப்பு?

இரண்டும் தப்பில்லை. உங்கள் கணக்கு மேசையின் மேற்பரப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது, உங்கள் சங்கிலியோ மேசையின் விளிம்பையும் சேர்த்து உரசுகிறது. வேலூரில் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்திய ஆண்டுகளில் இதே ஐயம் என் ஆய்வகத்திலும் எழுந்தது. லாங்கு பஜாரில் உள்ள ஓர் இரும்புக் கடையில் மெல்லிய சங்கிலி வாங்கி, சரியாக 100 கண்ணி இருக்கும்படி வெட்டி வைத்திருந்தேன். ஒரு கண்ணி 1 செ.மீ., எடை 2 கிராம், ஆகவே முழுச் சங்கிலியும் 200 கிராம். குடியாத்தத்திலிருந்து வந்து படித்த ஒரு மாணவர் அதை மேசையில் போட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "சார், கணக்குல 20 கண்ணிதான் வருது, இங்க 27 தொங்கியும் அப்படியே நிக்குதே" என்றார். அவருக்குச் சொன்னதையே சற்று விரிவாக உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. மேசைமேல் கிடக்கும் ஒவ்வொரு கண்ணியும் 2 கிராம் எடையால் மேசையை அழுத்துகிறது. குணகம் 0.25 என்பதால் அந்தக் கண்ணி அதிகபட்சமாக அரை கிராம் எடைக்குச் சமமான விசையைத்தான் தடுத்து நிறுத்த முடியும். 20 கண்ணி தொங்கும்போது கீழே இழுப்பது 40 கிராம் எடை. மேலே இருக்கும் 80 கண்ணிகள் சேர்ந்து தடுக்கக்கூடியதும் 80 அரைகள், அதாவது 40 கிராம் எடை. அதற்கு மேல் ஒரு கண்ணி இறங்கினால் இழுப்பு கூடுவதோடு தடுப்பும் குறைகிறது, சங்கிலி நழுவுகிறது. தொங்கும் நீளத்தை x என்றும் மொத்த நீளத்தை L என்றும் உராய்வுக் குணகத்தை μ என்றும் வைத்தால் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

x = μ (L − x), ஆகவே x = μL / (1 + μ)

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. உராய்வைக் கணக்கிடும்போது மொத்தச் சங்கிலியின் எடையையும் செங்குத்து விசையாக எடுத்து x = μL என்று முடித்துவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் 25 செ.மீ. வரும். தொங்கும் பகுதி மேசையை அழுத்தவில்லை என்பதை மனத்தில் வைத்தால் இந்தத் தவறு நேராது. தேர்வில் விளிம்பு வழவழப்பானது என்று சொல்லியிருந்தாலும், விளிம்பைப் பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டாலும், மேலே உள்ள விடையைத்தான் எழுத வேண்டும்.

இனி மேசையில் உண்மையில் நடப்பதற்கு வருவோம். 10 கண்ணிகள் மட்டும் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழ்நோக்கிய இழுப்பு 20 கிராம் எடை. அதைத் தடுக்க 40 கண்ணிகள் போதும். விளிம்பு வழவழப்பாக இருந்தால் விளிம்பை ஒட்டிய 40 கண்ணிகள் விறைத்து நிற்கும், அவற்றுக்குப் பின்னால் கிடக்கும் 50 கண்ணிகளுக்கு வேலையே இல்லை, அவை தளர்ந்து நெளிந்துகூடக் கிடக்கலாம். தொங்கும் நீளம் கூடக் கூட விறைப்பு வால் பக்கமாகப் பரவிக்கொண்டே போகிறது. கடைசிக் கண்ணியும் தன்னால் முடிந்த அரை கிராமைக் கொடுத்துவிட்ட நிலைதான் பெரும ஓய்வுநிலை உராய்வின் எல்லை. கண்ணைச் சங்கிலிக்கு அருகில் கொண்டுபோய் வால் முனையைப் பார்த்தால் இது நன்றாகவே தெரியும்: நழுவுவதற்குச் சற்று முன்புவரை சாய்ந்து கிடந்த கடைசி இரண்டு மூன்று கண்ணிகள் மெல்லத் திரும்பி, ஒன்றையொன்று பற்றி, ஒரே கோட்டுக்கு வந்துவிடும்.

இதனால்தான் சோதனை செய்யும் விதமும் விடையை மாற்றுகிறது. தொங்கும் முனையைப் பிடித்து இழுத்து நீளத்தைக் கூட்டக் கூடாது, கையின் விசையும் அதில் சேர்ந்துவிடும். வால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணி அளவு இறங்கவிட்டு, மேலே கிடப்பதை நேராக நீட்டி, பிறகு பிடியை மெதுவாக விட வேண்டும். நெளிவை அப்படியே விட்டுவிட்டால் முன்பகுதி சற்றே நகர்ந்த பிறகுதான் பின்பகுதி பிடிக்கத் தொடங்கும். அதற்குள் முன்பகுதிக்கு இயக்க உராய்வு வந்துவிடுகிறது. அது ஓய்வுநிலை உராய்வைவிடக் குறைவு என்பதால் சங்கிலி எல்லைக்கு முன்பே ஓடிவிடும். ஒருமுறை ஓடத் தொடங்கினால் நடுவில் நிற்காது, ஏனென்றால் ஒவ்வொரு கண்ணி இறங்கும்போதும் இழுப்பு கூடிக்கொண்டே போகிறது, தடுப்பு குறைந்துகொண்டே வருகிறது.

இவ்வளவு கவனமாகச் செய்தும் எங்கள் சங்கிலி 27 கண்ணி வரை நின்று 28இல்தான் நழுவியது. குணகத்தையே தவறாக எடுத்துவிட்டோமா என்ற ஐயம் முதலில் வரும், அதைத் தனியாகச் சோதித்துவிட வேண்டும். அதே மரத்தில் செய்த பலகைமேல் சங்கிலி முழுவதையும் நீட்டி வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்தினோம். கிடைமட்டமாக 100 செ.மீ.க்கு 25 செ.மீ. உயரம் வந்தபோது சங்கிலி சறுக்கியது. சறுக்குக் கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்புதான் குணகம் என்பதால் 0.25 சரியானதே. இந்தச் சோதனையில் விளிம்பு என்ற ஒன்றே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆக, மிச்சமிருக்கும் ஒரே இடம் விளிம்புதான்.

விளிம்பில் சங்கிலி கிடைமட்டத்திலிருந்து செங்குத்தாகத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் மேசைப்பக்க இழுவிசை ஒருபுறமும் தொங்கும் பக்க இழுவிசை மறுபுறமும் இழுப்பதால், விளிம்பின்மேல் கிடக்கும் கண்ணிகள் மரத்தோடு அழுந்துகின்றன. அவற்றின் சொந்த எடை இரண்டு மூன்று கண்ணிகளின் எடைதான், ஆனால் அழுத்தம் அந்த எடையால் வருவதில்லை, இழுவிசையால் வருகிறது. இழுப்பு கூடினால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். மாட்டை ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல: கயிற்றைக் கையில் மட்டும் பிடித்தால் இழுத்துக்கொண்டு ஓடும் மாட்டை, அதே கயிற்றைக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவனே நிறுத்திவிடுவான். மேசை விளிம்பில் நடப்பது அந்தச் சுற்றில் கால் பங்கு.

எத்தனை மடங்கு கூடுகிறது என்பது திரும்பும் கோணத்தையும் குணகத்தையும் மட்டுமே பொறுத்தது. விளிம்பின் வளைவு சங்கிலியின் நீளத்தோடு ஒப்பிடச் சிறியதாக இருக்கும்வரை அது எத்தனை மில்லிமீட்டர் ஆரமுடையது என்பது கணக்கில் வருவதில்லை. 90 பாகைத் திருப்பத்துக்கு நிபந்தனை இப்படி மாறும்:

x = μ (L − x) e^(μπ/2)

குணகம் 0.25 என்றால் அந்தப் பெருக்கல் காரணி 1.48. இப்போது எண்களை வைத்துப் பாருங்கள். 27 கண்ணி தொங்கும்போது கீழே 54 கிராம் எடை. மேலே உள்ள 73 கண்ணிகள் தடுப்பது 36.5 கிராம், விளிம்பு அதை 1.48 மடங்காக்கினால் 54 கிராமுக்கு மயிரிழை கூடுதல், ஆகவே சங்கிலி நிற்கிறது. 28 கண்ணி தொங்கினால் கீழே 56, மேலே 36இன் 1.48 மடங்கு, அதாவது 53 சொச்சம், ஆகவே நழுவுகிறது. அந்த மாணவர் கரும்பலகையில் இதைத் தாமே போட்டு முடித்தபோது அவர் முகத்தில் தெரிந்த நிறைவு எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

காரணம் விளிம்புதான் என்பதை உறுதிசெய்ய, ஆய்வகத்தில் இருந்த நன்றாகச் சுழலும் சிறிய கப்பி ஒன்றை மேசை முனையில் பொருத்தி, அதன் பள்ளத்தின் மேற்பகுதி மேசைப் பரப்போடு ஒரே மட்டமாக வரும்படி வைத்தோம். அதே சங்கிலி, அதே மேசை. இம்முறை 20இல் நின்றது, 21இல் நழுவியது. கப்பி மட்டம் சற்று மேலே இருந்தால் முன்வரிசைக் கண்ணிகள் மேசையைத் தொடாமல் தூக்கி நிற்கும், எண்ணிக்கை குறைந்துவிடும், ஆகவே மட்டத்தைப் பார்த்து வைப்பது முக்கியம்.

இது ஏதோ நுணுக்கம் என்று தள்ளிவிடக் கூடியதல்ல. வெறும் விளிம்பில் கிடைத்த 27ஐ வைத்துக்கொண்டு, x ஐ (L − x) ஆல் வகுத்துக் குணகம் கண்டுபிடிக்கும் செய்முறையைச் செய்தால் விடை 0.37 என்று வரும். உண்மையான மதிப்பைவிட அது ஏறக்குறைய பாதி அதிகம். கப்பி இல்லாதவர்கள் அந்த 0.37ஐ μ e^(μπ/2) என்பதற்குச் சமமாக வைத்து, 0.2, 0.3, 0.25 என்று மூன்று மதிப்புகளைப் போட்டுப் பார்த்தாலே போதும்: முறையே 0.27, 0.48, 0.37 என்று வரும், சரியான μ எது என்பது தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டு மேசையில் இதைச் செய்யும்போது விளிம்பைத் தடவிப் பாருங்கள். கூர்மையான மூலையாக இருந்தால் கண்ணிகள் அதில் மாட்டி மாட்டி விடுபடும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வரும், அந்த எண்களுக்கு மேலே சொன்ன சூத்திரம் பொருந்தாது. ஐந்தாறு முறை செய்து, ஒன்றிரண்டு கண்ணிக்குள் எண்கள் அடங்கினால்தான் விளிம்பு ஒழுங்காக வளைந்திருக்கிறது என்று நம்பலாம். விளிம்பில் அலுமினியப் பட்டையோ பிளாஸ்டிக் பட்டையோ அடித்திருந்தால் அங்கே இருக்கும் குணகம் வேறு, மேற்பரப்பின் குணகம் வேறு. அப்போது அடைப்புக்கு முன்னால் உள்ள μ மேசைக்குரியது, அடுக்கில் உள்ள μ பட்டைக்குரியது என்று இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். மேசைக்குரியதைச் சறுக்குப் பலகையில் தனியாக அளந்துகொண்டீர்களானால், தொங்கிய கண்ணிகளின் எண்ணிக்கையிலிருந்து பட்டைக்குரிய குணகமும் உங்களுக்குக் கிடைத்துவிடும்.