நாற்பது குறிப்புகளில் எது பெரியது?

அன்புள்ள சார்,

முதன்முறையாக ஒரு ஜர்னலிலிருந்து கட்டுரையை மதிப்பிடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எலிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு. படித்து முடித்தபோது நாற்பது குறிப்புகள் சேர்ந்துவிட்டன. எதை முக்கிய ஆட்சேபமாக எழுதுவது, எதைச் சிறு திருத்தத்தில் போடுவது என்று பிரிக்கத் தெரியவில்லை. கடைசியில் ‘மேஜர் ரிவிஷன்’ என்று போட்டுவிட்டால் வம்பில்லை என்கிறார்கள் நண்பர்கள். அப்படிச் செய்யலாமா?

ம.

அன்புள்ள ம.,

அந்தக் கட்டுரை வெளிவரும்வரை ரகசியம். அதற்குமேல் விவரம் எழுதாமல் விட்டது நல்லது. நானே ஓர் உதாரணத்தை எண்களோடு போட்டுச் சொல்கிறேன்.

முதலில் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, அது என்ன சொல்கிறது, எதை வைத்துச் சொல்கிறது என்று உங்கள் சொற்களில் நாலைந்து வரி எழுதுங்கள். அறிக்கையின் சுருக்கம் அதுதான். அப்ஸ்ட்ராக்டை நகலெடுக்காதீர்கள், நீங்கள் சரியாகப் புரிந்துகொண்டீர்களா என்று எடிட்டரும் ஆசிரியர்களும் பார்ப்பது அங்கேதான். எழுதும்போதே கட்டுரையின் மையக் கூற்று ஒரே வாக்கியமாகத் திரண்டு வந்துவிடும். ‘இந்த மருந்து நரம்பு செல்களின் கிளைகளைக் குறுக்குகிறது’ என்று வைத்துக்கொள்வோம். இனி நாற்பது குறிப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது சரிசெய்யப்படாமலே போனாலும் அந்த வாக்கியம் நிற்குமா என்று கேளுங்கள். நிற்கும் என்றால் சிறு திருத்தம். பெரும்பாலும் முப்பத்தைந்துக்கு மேல் அந்தப் பக்கம் போய்விடும்.

மிஞ்சுவதில் ஒன்றைப் பார்ப்போம். மருந்து கொடுத்த எலிகள் 3, கொடுக்காதவை 3. ஒவ்வொன்றிலும் 40 செல்களின் கிளை நீளத்தை அளந்து, பக்கத்துக்கு 120 என்று கணக்கிட்டு, p மதிப்பு 0.01க்குக் கீழ் என்கிறார்கள். ஆனால் மருந்து போனது எலிக்கு, செல்லுக்கு அல்ல. ஒரே எலியின் 40 செல்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கும், அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ண முடியாது. 1984-இல் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் இதற்கு ‘சூடோரெப்ளிகேஷன்’ என்று பெயர் வைத்தார், இன்றும் வந்துகொண்டேதான் இருக்கிறது. கண்டுபிடிக்க, படத்துக்குக் கீழே n என்று போட்டிருப்பது எதன் எண்ணிக்கை என்று பாருங்கள். பிறகு இணைப்பு அட்டவணையில் எலிவாரிச் சராசரி இருக்கிறதா என்று தேடுங்கள். மருந்தில்லாத மூன்றுக்கும் 182, 205, 231 மைக்ரான். மருந்து கொடுத்த மூன்றுக்கும் 158, 190, 214. இரண்டு பக்கத்துக்கும் இடையே வித்தியாசம் சுமார் 19 மைக்ரான்தான், மருந்தே தொடாத எலிகளோ தங்களுக்குள்ளேயே 49 மைக்ரான் வேறுபடுகின்றன. இந்த ஆறு எண்களை மட்டும் வைத்து டி-டெஸ்ட் போட்டால் p 0.4ஐத் தாண்டிவிடும், அதாவது இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம்.

இதை அறிக்கையில் எழுதும்போது ‘புள்ளியியல் பலவீனமாக உள்ளது’ என்று எழுதிவிடாதீர்கள், அந்த வரியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திருத்த முடியாது, எடிட்டருக்கும் அது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று தெரியாது. இப்படி எழுதலாம்: “படம் 2-இல் n=120 என்பது செல்களின் எண்ணிக்கை. மருந்து எலிக்குக் கொடுக்கப்பட்டதால் ஒப்பிட வேண்டிய அலகு எலி (n=3). அட்டவணையிலுள்ள எலிவாரிச் சராசரிகளை ஒப்பிட்டால் வித்தியாசம் உறுதிப்படவில்லை. எலியை ரேண்டம் காரணியாகக் கொண்ட மிக்ஸ்டு மாடலில் மறுபடி பகுப்பாய்வு செய்ய வேண்டும். அதிலும் உறுதிப்படாவிட்டால், கூடுதல் எலிகள் இல்லாமல் இந்தக் கூற்றை வைக்க முடியாது.” எங்கே, என்ன, ஏன், எப்படிச் சரியாகும் எல்லாம் வந்துவிட்டது. ஆசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

சிறு திருத்தங்களை வரி எண்ணோடு போட்டால் போதும். எழுத்துப்பிழை நிறைய என்றால் இரண்டைக் காட்டிவிட்டு மொத்தமாகப் பார்க்கச் சொல்லுங்கள், அத்தனையும் திருத்துவது உங்கள் வேலை இல்லை.

அப்புறம் பரிந்துரை. வம்பில்லை என்று மேஜர் ரிவிஷன் போடுவதை நான் ஏற்கவில்லை. கையிலிருக்கும் தரவை மறுபடி பகுப்பாய்வு செய்தே கூற்று பிழைக்க வாய்ப்புண்டு என்றால்தான் அது. என் உதாரணத்தில் அந்த வாய்ப்பு தெரியவில்லை, புதிய எலிகள் வேண்டும், அதாவது புதிய ஆய்வு. அதனால் நிராகரிக்கலாம், கூடுதல் எலிகளோடு புதிதாக அனுப்பினால் பரிசீலிக்கலாம் என்றுதான் எழுதுவேன். இதை மேஜர் ரிவிஷன் என்று அனுப்பினால், அவர்கள் மாதக்கணக்கில் வார்த்தைகளை மாற்றிவிட்டு அதே மூன்று எலிகளோடு திரும்பி வருவார்கள், அப்போது நிராகரித்தால் அந்த மாதங்களை வீணாக்கியது நாம்தான்.

முடிவைப் பல ஜர்னல்களில் எடிட்டருக்கான தனிப் பெட்டியில்தான் கேட்பார்கள், ஆசிரியர்களுக்குப் போகும் பகுதியில் அதை எழுத வேண்டாம் என்பார்கள். அந்தப் பெட்டியில் காரணத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள், ஆனால் அறிக்கையில் இல்லாத கண்டனத்தை அங்கே வைக்காதீர்கள். அறிக்கையில் இதமாக எழுதிவிட்டு ரகசியமாக நிராகரிக்கச் சொன்னால் எடிட்டர் ஆசிரியர்களுக்கு எந்தக் காரணத்தைக் காட்டுவார்? மைக்ரோஸ்கோப் பகுதி உங்கள் துறை இல்லையென்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள், அதைப் பார்க்க அவர் வேறொருவரைத் தேடிக்கொள்வார்.