வேகம் இருந்தும் திக்கும் கிளவுட் கேம்

கேள்வி: மன்னார்குடியில் வீட்டுக்கு 40 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டிருக்கிறோம். வேகச் சோதனையில் முழுதாகக் காட்டுகிறது. ஆனாலும் மாலையில் கிளவுட் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. ஜியிஃபோர்ஸ் நவ் என்ற கிளவுட் கேம் சேவையே 720பி தரத்துக்கு 15 எம்பிபிஎஸ், 1080பி தரத்துக்கு 25 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் பெரிதாக எதையும் இறக்காத வரை உங்கள் 40 தாராளம். படம் பார்க்கும்போது செயலி அடுத்த பல நொடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால், நடுவில் இணைப்பு சற்றுத் தடுமாறினாலும் நமக்குத் தெரிவதில்லை. விளையாட்டில் அடுத்த காட்சி நீங்கள் பொத்தானை அழுத்திய பிறகுதான் தொலைவிலுள்ள சர்வரில் உருவாகிறது என்பதால், சேமித்து வைக்க எதுவும் இல்லை. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 17 மில்லிநொடிக்கு ஒரு முறை வந்து சேர வேண்டும். எனவே வாய்க்காலின் அகலத்தைவிட, தண்ணீர் முறை தவறாமல் கடைமடைக்கு வருகிறதா என்பதுதான் இங்கே கேள்வி. சில நொடிகளின் சராசரியைச் சொல்லும் வேகச் சோதனை இதைக் காட்டாது.

கும்பகோணம் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான்; பார்த்தால், ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கோளாறுகள் இருந்தன. விண்டோஸில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, விளையாடிக்கொண்டே இவற்றை ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். முதலாவது என் ரவுட்டரின் முகவரி. உங்களுடையது வேறாக இருக்கலாம். இரண்டாவது, வீட்டுக்கு வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் முகவரி.

```
ping -n 300 192.168.1.1
ping -n 300 8.8.8.8
```

ரவுட்டர் வரை போய்த் திரும்ப 2 அல்லது 3 மில்லிநொடிதான் ஆக வேண்டும். எனக்கு அப்படியே வந்துகொண்டிருந்து, திடீரென்று 90, 160 என்று தாவியது. படம் திக்கியதும் சரியாக அந்தக் கணங்களில்தான். வீட்டுக்குள்ளேயே தாவுகிறது என்றால் குற்றவாளி வைஃபை. ஃபைபர் பெட்டி ரேழியில் இருக்க, நான் விளையாடுவது முற்றத்தைத் தாண்டிய பின்னறையில். நடுவில் ஒன்றரை அடிச் செங்கல் சுவர்கள் இரண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அவற்றைத் தாண்டித் தேய்ந்துபோகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸோ அண்டை வீட்டு ரவுட்டர்களோடு மோதுகிறது. முற்றத்து உத்தரத்தை ஒட்டி 20 மீட்டர் லேன் கேபிள் இழுத்ததும் முதல் சாளரம் 1 மில்லிநொடியில் அடங்கியது. (சுவரில் ஆணி அடிக்க அம்மாவிடம் அனுமதி வாங்கியதுதான் கடினமான வேலை.)

ஆனால் மாலைத் திக்கல் நிற்கவில்லை. இப்போது ரவுட்டர் சாளரம் அமைதியாக இருக்க, 8.8.8.8 மட்டும் 30 மில்லிநொடியிலிருந்து 250 வரை ஏறியது. முகூர்த்த மாதம்; அண்ணி வேலை முடிந்து வந்து கைப்பேசியை வைஃபையில் இணைத்ததும், அது கல்யாணப் படங்களையும் வீடியோக்களையும் தானாக மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கியிருக்கிறது. எங்கள் திட்டத்தில் இறக்க 40 என்றாலும் ஏற்ற 10 எம்பிபிஎஸ்தான். அந்தப் பாதை நிரம்பியதும் எஞ்சிய தரவை ரவுட்டர் வரிசையில் நிறுத்திவைக்கிறது. 250 கிலோபைட் வரிசை நின்றாலே, 10 எம்பிபிஎஸ் பாதையில் அது கரைய 200 மில்லிநொடி ஆகும். நான் அழுத்தும் பொத்தானின் செய்தியும், படம் எப்படி வந்து சேர்கிறது என்று சர்வருக்குப் போகும் தகவலும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். இதைப் பஃபர்ப்ளோட் என்பார்கள். இறக்கும் வேகத்தை 100 ஆக்கினாலும், ஏற்றும் பாதை அதே 10 ஆக இருந்தால் இது அப்படியே தொடரும்.

உடனடித் தீர்வு, படங்களை ஏற்றும் நேரத்தை இரவுக்குத் தள்ளுவது. ஒரே கைப்பேசி என்றால் அது போதும். எங்கள் வீட்டில் ஆறு என்பதால், ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் ஓடும் பழைய ரவுட்டர் ஒன்றை ஃபைபர் பெட்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் வைத்து, வீட்டு வைஃபையையும் அதிலிருந்தே கொடுத்தேன். கைப்பேசிகள் ஃபைபர் பெட்டியின் வைஃபையிலேயே இணைந்திருந்தால் இது பலிக்காது. பிறகு அதில் வரிசையைக் கட்டுப்படுத்தும் luci-app-sqm நிறுவி, cake முறையைத் தேர்ந்து, இறக்க 36000, ஏற்ற 9000 என்று கிலோபிட் கணக்கில் கொடுத்தேன். உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பதால், வரிசை இணைய நிறுவனத்தின் பெட்டியில் சேராமல் நம் ரவுட்டரிலேயே நிற்கிறது. Cake அதை ஒவ்வொரு கருவிக்கும் முறை வைத்துத் திறந்துவிடுகிறது. இப்போது அண்ணி ஏற்றிக்கொண்டிருக்கும்போதும் பிங் 45ஐத் தாண்டுவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், வீட்டில் மற்ற எல்லாக் கருவிகளும் அணைந்திருக்கையில் இரவு ஒன்பது மணிக்கு மட்டும் இரண்டாவது சாளரம் தாவினால், நெரிசல் இணைய நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கிறது. அப்போது காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் எடுத்த பிங் படங்கள் இரண்டையும் அனுப்பிப் புகார் செய்யுங்கள். வேகச் சோதனைப் படத்தை அனுப்பினால் "வேகம் சரியாகத்தானே இருக்கிறது, சார்" என்ற பதில்தான் வரும்.