விலை ஏற்றத்தை வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது, பில்லில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: லாட்ஜுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிறேன். மாத பில். ஜூலை முதல் ரேட் ஏற்ற வேண்டும். பழைய பார்ட்டிகளிடம் எப்படிச் சொல்ல? பில்லில் எப்படிப் போட?

நானும் இதே தொழில்தான். முதலில் முதலாளியிடம் போனில் சொல்லிவிடுங்கள், கடிதம் அப்புறம் போகட்டும். மேனேஜர் கையில் முதலில் கடிதம் கிடைத்தால், அது உள்ளே போய்ச் சேருவதற்குள் வேறு கதையாகிவிடும். ஜூலை 1 என்றால் ஜூன் முதல் வாரத்திலேயே பேசுங்கள். டீசல், கூலி என்று காரணத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். நீட்டினால் பேரம் தொடங்கும்.

சதவீதத்தில் சொல்லாதீர்கள். அவருடைய போன மாத பில்லை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பெட்ஷீட் 20 ரூபாயிலிருந்து 23, டவல் 8-லிருந்து 9 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 பெட்ஷீட், 1,200 டவல் போடுகிறவருக்கு 29,600 ரூபாய் பில் 33,800 ஆகும். "மாசம் 4,200 கூடும் அண்ணே, ஜிஎஸ்டி தனி. தலையணை உறை பழைய ரேட்தான்" என்றால் விஷயம் முடிந்தது. அவர் மனசுக்குள் போடப்போகிற கணக்கை நீங்களே போட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள்.

தகராறு வருவது மாதம் மாறுகிற இடத்தில். ஜூன் 30 எடுத்த துணியை ஜூலை 2 கொடுத்தால் எந்த ரேட்? துணி எடுத்த சலான் தேதிதான் கணக்கு என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அந்தத் துணி ஜூலை பில்லில் வந்தால், பெட்ஷீட்டை இரண்டு வரியாகப் பிரியுங்கள்: ஜூன் 30 வரையிலான சலான் 20 ரூபாய், ஜூலை 1 முதல் 23 ரூபாய். சராசரி போட்டு ஒரே வரியாக்கினால் சலானோடு ஒத்துப்பார்க்க முடியாமல் பில்லை நிறுத்தி வைப்பார்கள். ஜூன் பில்லின் அடியிலேயே "1-7 முதல் எடுக்கும் துணிகளுக்குத் திருத்திய கட்டணம்" என்று ஒரு வரி போட்டுவிட்டால் அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

பெரிய ஹோட்டல்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் ரேட் எழுதித் தந்திருப்பார்கள். அதைத் திருத்தி வாங்காமல் புது ரேட்டில் பில் போட்டால் பணம் நிற்கும். முதலாளி வாயால் சரி சொன்னது அங்கே செல்லாது. வருட ஒப்பந்தம் இருந்தால், அது முடிகிற வரை பழைய ரேட்தான்.

டேலியில் விலைப்பட்டியலை ஜூலை 1 தேதியிட்டுப் புதிதாகப் போடுங்கள், பழையதன் மேல் மாற்றாதீர்கள். அப்போதுதான் ஜூன் தேதி பில்லுக்குப் பழைய விலையே வரும். போன மாத பில்லை காப்பி செய்து புது பில் போடுகிற பழக்கம் இருந்தால் ரேட்டை ஒருமுறை பாருங்கள், பழையதே ஒட்டிக்கொண்டு வரும். அப்படிக் குறைத்துப் போட்ட பில் போய், ஜிஎஸ்டி ரிட்டர்னிலும் ஏறிவிட்டால், அந்த பில்லைத் திருத்த வேண்டாம். அதன் எண்ணைக் குறிப்பிட்டு வித்தியாசத்துக்கு டெபிட் நோட் போடுங்கள்.