செவ்வக வீரில் ஹெட் 2 மி.மீ. பிசகினால் என்ன ஆகும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் ஆலையின் கழிவுநீர்க் கால்வாயில் ஓட்டத்தை அளக்க 30 செ.மீ. அகலத்துக்குச் செவ்வக வீர், அதாவது தண்ணீர் மேலே வழிந்தோடும் தடுப்புத் தகடு, வைத்திருக்கிறோம். அளவுகோலில் 2 மி.மீ. முன்பின் படித்தால் கணக்கு எவ்வளவு மாறும்?

தண்ணீர் எந்த உயரத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. வாய்பாடு இது:

`Q = (2/3) Cd √(2g) b h^1.5`

Q என்பது விநாடிக்கு ஓடும் தண்ணீர், b வீரின் அகலம், h ஹெட், அதாவது தகட்டின் விளிம்புக்கு மேலே நீர் நிற்கும் உயரம், g புவியீர்ப்பு முடுக்கம், Cd ஓட்டக் கெழு. h-க்கு மேலே 1.5 என்ற அடுக்கு இருப்பதால், ஹெட்டில் 1 சதவீதம் பிசகினால் Q-வில் ஒன்றரை சதவீதம் பிசகும். உங்கள் வீர் கால்வாயின் முழு அகலத்துக்கும் நிற்கிறது, தகட்டின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்கிறேன். வீர் ஓட்டத்தைக் கணக்கிடும் கின்ட்ஸ்வாட்டர்–கார்ட்டர் முறைப்படி போட்டால், ஹெட் 5 செ.மீ. இருக்கும்போது விநாடிக்கு 6.25 லிட்டர் ஓடுகிறது. அதையே 5.2 என்று படித்தால் 6.63 வரும். 6 சதவீதம் கூடுதல்.

ஹெட் 20 செ.மீ. ஆகும்போது விநாடிக்கு 51.9 லிட்டர். 20.2 என்று படித்தால் 52.7. பிசகு ஒன்றரை சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. ஆனால் லிட்டரில் பாருங்கள்: முதலில் தவறியது 0.38 லிட்டர், இப்போது தவறியது 0.8 லிட்டர். மாத மொத்தம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், நிறைய ஓடும் நேரத்துப் பிசகே அதிக லிட்டரைக் கொண்டுபோகும். இரவில் ஆலை நின்றபின் ஓடும் சிறு ஓட்டத்தை அறிய வேண்டும் என்றால், 30 செ.மீ. அகலம் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. அகலம் குறைந்த வாய் வைத்தால் அதே தண்ணீருக்கு ஹெட் உயரும். ஹெட் 3 செ.மீ.க்குக் கீழே போனால் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். நீர்த்திரை தகட்டை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டு வழியத் தொடங்கும். அங்கே வாய்பாடே பொருந்தாது.

பாலிடெக்னிக் ஆய்வகத்தில் செவ்வக நாட்ச், அதாவது சிறு வீர், வைத்துச் சோதனை செய்தோம். log Q, log h வரைபடத்தில் சாய்வு 1.5 வர வேண்டும், எங்களுக்கு 1.44 வந்தது. Cd-யும் குறைந்த ஹெட்டில் 0.70, அதிக ஹெட்டில் 0.64 என்று இறங்கிக்கொண்டே வருகிறது. சேகரிப்புத் தொட்டி அளவை மூன்று முறை சரிபார்த்துவிட்டோம். எங்கே தவறு?

தொட்டியை விடுங்கள். நீர்மட்டத்தை அளக்கும் உங்கள் ஹூக் கேஜின் பூஜ்யம், விளிம்பின் மட்டத்தில் இருக்க வேண்டியது, ஏறக்குறைய 3 மி.மீ. மேலே நிற்கிறது.

எப்படிச் சொல்கிறேன் என்றால், உண்மையான ஹெட் 40 மி.மீ., 160 மி.மீ. என்று இரண்டு ஓட்டங்களை எடுத்துக்கொள்வோம். Cd சற்றே மாறுவதை இப்போதைக்கு ஒதுக்கினால், ஹெட் 4 மடங்கு ஆகும்போது Q 8 மடங்கு ஆகும். பூஜ்யம் 3 மி.மீ. மேலே இருந்தால் நீங்கள் 37, 157 என்று எழுதியிருப்பீர்கள். அவற்றின் விகிதம் 4 அல்ல, 4.24. log 8-ஐ log 4.24-ஆல் வகுத்தால் 1.44. Cd-யும் அதே கதைதான். 40-க்குப் பதில் 37 போட்டால் Cd 12 சதவீதம் பெருக்கிக் காட்டும். 160-க்குப் பதில் 157 போட்டால் 3 சதவீதம்தான். 0.62 என்று இருக்க வேண்டியது ஒரு முனையில் 0.70, மறு முனையில் 0.64 ஆகிறது. எல்லா அளவீட்டிலும் ஒரே திசையில், ஒரே மில்லிமீட்டர் பிசகு. அதனால்தான் எத்தனை முறை திரும்பச் செய்தாலும் அதே விடை வருகிறது.

log வரைபடத்தைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. `Q^(2/3)`-ஐ h-க்கு எதிராகச் சாதாரண வரைபடத்தாளில் குறியுங்கள். கிட்டத்தட்ட நேர்கோடு வரும். அதைப் பின்னோக்கி நீட்டினால் h அச்சை எங்கே வெட்டுகிறதோ, அதுதான் பூஜ்யப் பிழை. உங்களுக்கு −3 அருகே வெட்டும். −1 அளவில் வெட்டினால் கவலைப்பட வேண்டாம். நீரின் பரப்பு இழுவிசை, பிசுபிசுப்பு காரணமாகக் கின்ட்ஸ்வாட்டர்–கார்ட்டர் முறையே ஹெட்டுடன் 1 மி.மீ. கூட்டச் சொல்கிறது.

பூஜ்யம் எடுக்க, தண்ணீர் வழிவது நிற்கும்வரை காத்திருந்து அந்த மட்டத்தைக் குறிக்கிறோம். இது சரியா?

சரியில்லை. மேலே உள்ள கேள்விக்கும் காரணம் பெரும்பாலும் இதுவே. பரப்பு இழுவிசை தண்ணீரை விளிம்புக்கு மேலே சில மில்லிமீட்டர் வரை பிடித்து வைக்கும். விளிம்புக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால், சொட்டு நின்ற பிறகும் தகட்டின் மேல் வளைந்த நீர்மேடு தெரியும். அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று எழுதினால் ஹெட் எல்லாமே குறைவாக வரும், Q-வும் குறையும்.

செய்ய வேண்டியது இது. தண்ணீரை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இறக்கி, அசையாமல் நிற்க விடுங்கள். கால்வாயோடு குழாயால் இணைந்து, அலையில்லாமல் நீர் நிற்கும் ஸ்டில்லிங் வெல்லில் உள்ள ஹூக் கேஜால் அந்த மட்டத்தைப் படியுங்கள். தகட்டுக்கு நேர் மேலே தற்காலிகமாக ஒரு பாயின்ட் கேஜைப் பொருத்தி, தகட்டை ஒட்டியுள்ள பரப்பு வளைவைத் தவிர்த்துச் சற்றுத் தள்ளி அதே நீர்மட்டத்தைப் படியுங்கள். பிறகு அதன் முனையை இறக்கி விளிம்பைத் தொட்டுப் படியுங்கள். இந்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை ஹூக் கேஜின் அளவோடு கூட்டினால் பூஜ்யம் கிடைக்கும். விளிம்பின் இடது, நடு, வலது மூன்று இடத்திலும் தொட்டுப் பாருங்கள். தகடு சாய்ந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஸ்டில்லிங் வெல்லுக்குப் போகும் குழாயில் காற்றுக்குமிழி நின்றால் இந்த உழைப்பு முழுவதும் வீண், ஆகவே குழாயை முதலில் கழுவி விடுங்கள்.

ஸ்கேலைத் தகட்டிலேயே ஒட்டிவிட்டால் என்ன? பார்க்க வசதியாக இருக்கிறது.

வேண்டாம். தண்ணீர் தகட்டை நெருங்கும்போதே வேகம் கூடி மட்டம் தாழ்கிறது. விளிம்புக்கு நேர் மேலே நீங்கள் பார்ப்பது உண்மையான ஹெட்டில் ஏறத்தாழ 85 சதவீதம்தான். 0.85-ஐ 1.5 அடுக்குக்கு உயர்த்தினால் 0.78, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் கணக்கில் காணாமல் போகும். அதிகபட்ச ஹெட்டைப் போல 3 முதல் 4 மடங்கு தூரம், தகட்டிலிருந்து தண்ணீர் வரும் பக்கமாகத் தள்ளிப் போய் அங்கே அளவிடுங்கள். உங்கள் வீரில் 20 செ.மீ. வரை ஓடும் என்றால் 60 முதல் 80 செ.மீ.

அலை அடிப்பதால் மட்டம் 5 மி.மீ. மேலும் கீழும் ஆடுகிறது. சராசரி ஹெட்டைப் போட்டால் போதுமா?

போதும். 5 செ.மீ. ஹெட்டில் அந்த ஆட்டத்தால் சராசரிக் கணக்கில் வரும் பிழை அரை சதவீதத்தைத் தாண்டாது. பூஜ்யத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் அதே இடத்தில் 3 சதவீதம் போகும்.

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும், வாய்பாடு சொல்வதைவிட அதிகத் தண்ணீர் தொட்டியில் சேர்கிறது. கேஜ்தான் கெட்டுவிட்டதா?

கேஜைக் கழற்றும் முன் விழும் நீர்த்திரையின் அடியில் பாருங்கள். முழு அகல வீரில் பக்கச் சுவர்கள் திரையின் அடியிலுள்ள காற்றை அடைத்துவிடுகின்றன. விழும் தண்ணீர் அந்தக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போகும். அங்கே அழுத்தம் குறைந்து, திரை தகட்டை நோக்கி உள்ளே இழுபடும். அப்போது அதே ஹெட்டில் கூடுதல் தண்ணீர் ஓடும். கேஜ் சரியாகத்தான் காட்டும்; ஹெட்டுக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவுதான் மாறிப்போயிருக்கும். பக்கச் சுவரில், விளிம்புக்குக் கீழே, திரையின் பின்பக்கத்துக்குக் காற்று போகும்படி ஒரு குழாய் விடுங்கள். அதைக் கையால் மூடித் திறந்து பாருங்கள்: திறந்ததும் திரை வெளியே தள்ளி, ஹெட் ஏறினால், காரணம் இதுவே.