உடைந்ததா, முதலிலிருந்தே இரண்டா?

அன்புள்ள ஐயா,

நான் 200 மீட்டர் ஓடுபவன். வயது 21. ஏழு வாரங்களாக வலது கால் பெருவிரலின் அடியில், தரையில் ஊன்றும் அந்த மேட்டில், ஆணி குத்துவது போல வலிக்கிறது. ஓட்டத் தொடக்கத்தில் கால் ஊன்றும் பிளாக்கிலிருந்து கிளம்பும்போதுதான் அதிகம். எக்ஸ்ரேயில் அங்கிருக்கும் சிறிய எலும்பு ஒன்று இரண்டு துண்டாகத் தெரிகிறது. முதலில் பார்த்த மருத்துவர் எலும்பு உடைந்திருக்கிறது என்றார். இரண்டாமவர், சிலருக்குப் பிறவியிலேயே அப்படித்தான் இருக்கும், வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடலாம் என்றார். வலிக்கும் இடத்தில் மெத்தென்ற திண்டு ஒன்றை ஒட்டிக்கொண்டு ஓடினேன்; வலி கூடிவிட்டது. யாரை நம்புவது? ஒன்பது வாரத்தில் போட்டி இருக்கிறது. ஓடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு மருத்துவர்களும் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் இரண்டாமவர் ‘பிறவியிலேயே’ என்று சொன்னதும் சரி, ‘ஓடலாம்’ என்று முடித்ததும் சரி, எனக்கு ஒப்புதல் இல்லை. முப்பது வருடமாக ஓட்டக்காரர்களின், நடனக்காரர்களின் பாதங்களைக் கையில் பிடித்துப் பார்க்கும் இயன்முறை மருத்துவன் நான். இந்த வழக்கு என்னிடம் பலமுறை வந்திருக்கிறது.

அந்தச் சிறிய எலும்பின் பெயர் சீசமாய்டு. எள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெயர்தான் எள், அளவு பட்டாணி. பெருவிரலின் அடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உண்டு. இவை விரலை மடக்கும் தசைநாணுக்குள் பதிந்தே இருக்கின்றன. முழங்கால் சில்லு தொடைத்தசையின் நாணுக்குள் பதிந்திருப்பதைப் போல. சில்லு செய்யும் வேலையைத்தான் இவையும் செய்கின்றன. நாணை மூட்டிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, தரையை உந்தும்போது விரலுக்குக் கூடுதல் நெம்புபலம் தருகின்றன. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்கும்போது உடலின் பாரத்தில் பெரும்பங்கு இவற்றின்மேல் இறங்குகிறது. இரண்டில் உட்புறத்து எலும்பு கூடுதல் பாரம் தாங்குவதால் அதிகம் அடிபடுவதும் அதுதான்.

பிறக்கும்போது இவை எலும்பாகவே இருப்பதில்லை, வெறும் குருத்து. ஏறக்குறைய ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் எலும்பாகின்றன. சிலருக்கு ஒரே இடத்தில் தொடங்காமல் இரண்டு இடங்களில் எலும்பு முளைத்து, கடைசிவரை ஒட்டாமல் நின்றுவிடும். அப்படி ஒரே எலும்பு இரண்டு துண்டாக உள்ளவர்கள் அபூர்வமில்லை. பத்துப் பேரில் ஒருவருக்காவது இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் தெரியாமலேயே போய்விடும்.

உடைந்ததையும் முதலிலிருந்தே இரண்டாக இருப்பதையும் படத்தில் பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. முதலிலிருந்தே இரண்டாக இருப்பவை உருண்டை விளிம்புடன், சுற்றிலும் வெள்ளைக் கோடு போட்டதுபோல் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் வழக்கமான ஒரு சீசமாய்டைவிடப் பெரிதாக வரும். உடைந்தவை பிஸ்கட்டை ஒடித்ததுபோல் இருக்கும்: விளிம்பு கரடுமுரடு, ஒன்றோடொன்று பொருத்தினால் சரியாக ஒரு முழு எலும்பின் அளவு. மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி எடுத்த படத்தில் விளிம்புகள் மாறியிருந்தால் அது முறிவு. பழைய இரண்டு துண்டு எத்தனை முறை எடுத்தாலும் அப்படியே இருக்கும். சிறுவயதில் எப்போதாவது அந்தக் காலை எக்ஸ்ரே எடுத்திருந்தால் வீட்டில் தேடிப் பாருங்கள். பன்னிரண்டு வயதுக்குப் பிந்தைய படத்திலேயே இரண்டாக இருந்தால் பாதிச் சச்சரவு தீர்ந்துவிடும்.

பாதிதான். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். முதலிலிருந்தே இரண்டாக உள்ள எலும்பின் நடுவில் அவற்றை இணைக்கும் குருத்துத் தையல் ஒன்று இருக்கிறது. அதுவும் திரும்பத் திரும்ப இழுபட்டால் கிழியும். அப்போது படம் ‘பழையது’ என்று சாட்சி சொல்லும், வலியோ புதியது. ‘இரண்டாக இருக்கிறது, அதனால் கேடில்லை’ என்று சொல்வது, பழைய விரிசல் என்பதற்காகச் சுவர் விழாது என்று சொல்வதைப் போன்றது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் எலும்புக்குள் நீர்கோத்திருப்பது தெரியும். அப்படித் தெரிந்தால், துண்டு பழையதோ புதியதோ, அந்த எலும்பு இப்போது அடிபட்டிருக்கிறது.

படத்துக்கு முன்னால் உங்கள் விரலே ஒரு வேலை செய்யலாம். நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை இடது தொடையின்மேல் போடுங்கள். கட்டைவிரல் நுனியால் பாதத்தின் மேட்டில் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். கூழாங்கல் போல ஒன்று தட்டுப்பட்டு, அங்கே ‘இதுதான்’ என்று சுரீரென்று வலித்தால் நிறுத்துங்கள். இப்போது மற்றக் கையால் பெருவிரலை மேல்நோக்கி வளையுங்கள். வலிக்கும் புள்ளியும் விரலை நோக்கி நகர்ந்தால் அது சீசமாய்டு. அவை நாணோடு சேர்ந்து நகர்பவை. மூட்டின் மேற்பக்கம் வலித்தாலோ, விரலோரம் மரத்துப்போனாலோ வேறு காரணம் தேடவேண்டும். ஒரே இரவில் மூட்டு சிவந்து சுடுமாறு வீங்கினால் கீல்வாதமோ தொற்றோ ஆகலாம். அன்றே மருத்துவரிடம் போகவேண்டும்.

உங்கள் திண்டு ஏன் கெடுத்தது என்பதற்கு வருகிறேன். நானும் இளவயதில் இதையே செய்திருக்கிறேன். வலிக்கிற இடத்துக்கு மெத்தை போடுவது மனிதச் சுபாவம். ஆனால் அடிபட்ட எலும்புக்கு நேர்கீழே திண்டு வைத்தால் அது எலும்பை மேலே தூக்கி, பாரத்தை இன்னும் அதன்மேல்தான் ஏற்றும். வேண்டியது மேடு அல்ல, பள்ளம். ஐந்து ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபெல்ட் என்னும் அழுத்திய கம்பளித் துணியை லாடம் போல வெட்ட வேண்டும். திறந்த வாய் விரலை நோக்கி இருக்கவேண்டும். தடித்த பகுதி வலிக்கும் புள்ளிக்குச் சற்றுப் பின்னாலும் பக்கத்திலும் வந்து, பாரத்தை அண்டை எலும்புகள் வாங்கிக்கொள்ளும். நடுவில் சீசமாய்டு தொங்கலாக நிற்கும். சரியான இடம் தெரிய ஒரு உபாயம் இருக்கிறது. வலிக்கும் புள்ளியில் உதட்டுச்சாயத்தைத் தடவிக்கொண்டு ஷூவுக்குள் வெறுங்காலை வைத்து எழுந்து நில்லுங்கள். உள்தளத்தில் சிவப்பாகப் படிந்த இடம்தான் பள்ளம் வரவேண்டிய இடம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. மணிக்கட்டு முறிவைப் போல ஆறு வாரத்தில் ஆறிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. சில நேரம் இரத்தம் எட்டாமல் எலும்பு செத்துப்போவதும் உண்டு. முறிவு இல்லை என்று உறுதியாகும்வரை ஸ்டீராய்டு ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள். வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதும் வேண்டாம். இங்கே உங்களுக்கிருக்கும் ஒரே எச்சரிக்கை மணி வலிதான்.

பத்தொன்பது வயது நடனக்காரி ஒருத்தி என்னிடம் வந்தாள். முன்பாதத்தில் எழுந்து நிற்கும்போதெல்லாம் இதே வலி, இதே உட்புற எலும்பு, இதே இரண்டு துண்டு. நான்கு மாதம் ஆடியபடியே சமாளித்திருந்தாள். வலியைத் தவிர்க்கப் பாதத்தின் வெளிவிளிம்பில் நடந்து பழகி, அங்கேயும் வலி தொடங்கியிருந்தது. எம்.ஆர்.ஐ.யில் எலும்பு முழுக்க நீர்கோத்திருந்தது. எடை குறைக்கச் சாப்பாட்டைச் சுருக்கியிருந்தாள்; மாதவிலக்கு நின்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த நிலையில் உடல் எலும்பைச் சரியாக ஆற்றாது. அதைத் தனியாக ஒரு மருத்துவர் கவனித்தார்.

ஆறு வாரம் விரல் வளையாத பூட்ஸ். பிறகு விறைப்பான அடித்தளம் வைத்த ஷூ, அதற்குள் லாடத் திண்டு, விரல் மேலே வளையாதபடி டேப். ஒன்பதாம் வாரம் நன்றாக இருக்கிறதென்று யாருக்கும் தெரியாமல் குதித்துப் பார்த்தாள். அன்று வலிக்கவில்லை. மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கிய முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. மூன்று வாரம் பின்னால் போனோம். அதற்குப்பின் கணக்கை மாற்றினேன்: பயிற்சியின்போது உள்ள வலியைக் கேட்கமாட்டேன், மறுநாள் காலை வலியைத்தான் கேட்பேன். வெறுங்காலில் வலியில்லாமல் நடந்த பிறகே இரண்டு காலில் குதிகால் உயர்த்தல். அது பழகிய பிறகு ஒற்றைக் காலில். கடைசியாகக் குதித்தல். முழுமையாக ஆட ஆறு மாதம் ஆயிற்று. அந்த எலும்பு கடைசிவரை இரண்டு துண்டாகவே இருந்தது, வலிதான் போய்விட்டது.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. பல மாதம் பாரத்தை இறக்கியும் ஆறாவிட்டால் எலும்பையோ துண்டையோ அறுவைச் சிகிச்சையில் எடுப்பார்கள். பலர் அதற்குப்பின் களத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் நாணில் பதிந்த எலும்பை எடுக்கும்போது விரலின் சமநிலை மாறுகிறது. உட்புற எலும்பு போனால் பெருவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாயக்கூடும். இரண்டும் போனால் விரல் கொக்கிபோல் மடங்கக்கூடும். அதனால் அது கடைசிக் கதவாக இருக்கட்டும்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இதுதான். இன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் போய், விரலை மேலே வளைத்துவைத்து முன்புறமிருந்து எடுக்கும் சீசமாய்டு எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் கேளுங்கள். எலும்பில் நீர்கோத்திருந்தால், உடைந்ததா முதலிலிருந்தே இரண்டா என்ற வழக்கை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். முதல் ஆறு வாரச் சிகிச்சை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். திரும்பும்போது முதலில் விறைப்பான ஷூவில் மெதுவான ஓட்டம், பிறகு நிமிர்ந்த நிலையில் வேகம், அதன்பின் ஆணி வைத்த ஸ்பைக் ஷூ. பிளாக் எல்லாவற்றுக்கும் கடைசி. பெருவிரலை இவ்வளவு வளைத்துவைத்து, இவ்வளவு விசையோடு உந்தச் சொல்லும் இடம் வேறில்லை. நீச்சலடிக்கலாம், சுவரை விரலால் உந்தாமல். சைக்கிள் ஓட்டலாம், பெடலை நடுப்பாதத்தில் வைத்து.

ஒன்பதாவது வாரம் நீங்கள் அநேகமாக முதல் மெதுவான ஓட்டத்துக்குத்தான் தயாராகியிருப்பீர்கள். போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.