எல்லாமே p1 என்றால் எதுவுமே p1 இல்லை

கேள்வி: சிவகாசியில் சின்ன அச்சகம் நடத்துகிறேன். Todoist என்ற வேலைப் பட்டியல் ஆப்பை இலவசத்தில் வைத்திருக்கிறேன். 14 லேபிள், பாதி வேலைக்கு p1 என்ற உச்ச ப்ரையாரிட்டி, எல்லா வேலைக்கும் தேதி. இப்போது தினமும் காலையில் திறந்தால் முப்பது நாற்பது வேலை சிவப்பாகத் தேதி தாண்டி நிற்கிறது, பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது. ப்ரோ வாங்கினால் ஃபில்டர் போட்டுச் சரி பண்ணலாம் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். லேபிள், ப்ரையாரிட்டி, தேதி, திரும்பத் திரும்ப வரும் வேலை எல்லாம் இலவசத்திலேயே உண்டு, ஃபில்டரும் மூன்று தருகிறார்கள். உங்களுக்கு ஒன்றே போதும். குப்பையை வைத்துக்கொண்டு ஃபில்டர் போட்டால் குப்பைதான் வடிகட்டி வரும்.

முதலில் தேதி, ஏனென்றால் தலைவலி முக்கால்வாசி அங்கிருந்துதான் வருகிறது. "நாளைக்குப் பண்ணிடலாம்" என்ற ஆசையை எல்லாம் தேதியாகப் போடுகிறோம், பண்ணவில்லை, மறுநாள் அது தாமதப் பட்டியலில் போய் உட்காருகிறது, நாலு நாளில் அந்தப் பட்டியலைக் கண் தானாகவே தாண்டிப் போகப் பழகிவிடுகிறது. நிஜமாகவே கடைசி நாள் உள்ள வேலையும் அந்தக் கும்பலில்தான் தொலைகிறது. மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர் என்றால் GSTR-3B படிவத்துக்கு 20ஆம் தேதி கடைசி, தாண்டினால் நாளுக்கு நாள் தாமதக் கட்டணம். அதை 20 என்றே போட்டால் அன்று சர்வர் திணறும், ஆடிட்டர் போன் எடுக்கமாட்டார். ஆகவே `every 17th` என்று போட்டு, வேலையின் பெயரிலேயே "3B (கடைசி 20)" என்று எழுதிவிடுங்கள். தேதி என்பது நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் நாள், கெடு பெயரில் இருக்கட்டும். கடைசி நாளே இல்லாத வேலைக்குத் தேதியே வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் அவற்றை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

ஒரு கல்யாணப் பத்திரிகை ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிக்கு 10ஆம் தேதி கையில் வேண்டும். "பத்திரிகை ஆர்டர், 10" என்று ஒரே வேலையாகப் போட்டால் 9ஆம் தேதி வரை அது சாதுவாக இருக்கும், அப்புறம் கழுத்தைப் பிடிக்கும். அதற்குப் பதில் அடுத்த ஒரு படிக்கு மட்டும் தேதி போடுங்கள்: "புரூஃப் ஓகே கேட்டு போன், 3". ஓகே வந்ததும் அதை முடித்துவிட்டு "பேப்பர், பிளேட், 4" என்று அடுத்தது. புரூஃப் பார்ட்டியிடமே கிடந்தால், அதற்கு `@காத்திருப்பு` லேபிள் போட்டு, மறுபடி கேட்க வேண்டிய நாளைத் தேதியாக வையுங்கள்.

லேபிளுக்கு ஒரே சோதனைதான். அந்த லேபிளைத் தொட்டு அதன் பட்டியலைக் கடந்த மாதம் ஒருமுறையாவது பார்த்தீர்களா? இல்லையென்றால் அழித்துவிடுங்கள். லேபிளை நீக்கினால் வேலை நீங்காது, பயப்படவேண்டாம். "அச்சகம்" என்று ப்ராஜெக்டும் இருந்து அதே பெயரில் லேபிளும் இருப்பது வீண். உங்களுக்கு இரண்டு போதும் என்று நினைக்கிறேன்: `@காத்திருப்பு`, அப்புறம் `@வெளியே` (பேங்க், பேப்பர் கடை, கூரியர் எல்லாம் ஒரே சுற்றில் முடிக்க).

ப்ரையாரிட்டியில் நாலு படி இருக்கிறது என்பதற்காக நாலையும் பயன்படுத்த வேண்டியதில்லை. p2-க்கும் p3-க்கும் என்ன வித்தியாசம் என்று யோசிக்கும் நேரத்தில் ஒரு போன் பேசிவிடலாம். இன்று தவறினால் பணமோ ஆர்டரோ போகும் என்பதற்கு மட்டும் p1, மற்றது எதுவும் தொடாமல் p4. ஒரு நாளில் மூன்றுக்கு மேல் p1 வந்தால் ஏதோ ஒன்று பொய். ஃபில்டர் இது ஒன்று:

```
(today | overdue) & p1
```

மெஷின் எண்ணெய், சர்வீஸ் போன்றவற்றுக்கு `every! 3 months` என்று ஆச்சரியக்குறியோடு போடுங்கள். நீங்கள் முடித்த நாளிலிருந்து மூன்று மாதம் எண்ணும். குறி இல்லாமல் போட்டால் பழைய தேதியிலிருந்தே எண்ணும், ஒரு மாதம் தாமதமாகச் செய்தால் அடுத்தது இரண்டே மாதத்தில் வந்து நிற்கும். வரி போன்ற நிலையான தேதிக்குக் குறி வேண்டாம்.

இப்போது நிற்கும் முப்பது நாற்பதை என்ன செய்வது? ஒவ்வொன்றாகத் தள்ளிப் போடாதீர்கள், ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுத்துத் தேதியை நீக்குங்கள். பிறகு உண்மையில் கெடு உள்ளவற்றுக்கு மட்டும் திரும்பப் போடுங்கள்.

ஒரு மாதம் இப்படி ஓட்டிப் பார்த்து, ஃபில்டர் மூன்றும் போதவில்லை என்று நிஜமாகவே தோன்றினால் அப்போது ப்ரோ, அதுவும் மாதச் சந்தாவில். வருடச் சந்தா மலிவாகத் தெரியும், ஆனால் இரண்டு மாதத்தில் விட்டுவிட்டால் அதுதான் விலை கூடியது. அதே ஒரு மாதத்தில் p1 தவிர வேறெதையும் தொடவில்லை என்று தெரிந்தால், மைக்ரோசாப்ட் டூ டூவில் உள்ள நட்சத்திரமும் தேதியுமே உங்களுக்குப் போதும், அது இலவசம்.