முன்பணம் வாங்கிய பிறகு விற்க மறுக்கிறார்: கேள்வி பதில்

ஈசூன் வாசகர்: அக்கா, 1.38 மில்லியன் வெள்ளிக்கு ஒரு கூட்டுரிமை வீடு பேசி முடித்தோம். 1% காசோலை, 13,800 வெள்ளி கொடுத்தாயிற்று. வீட்டுக்காரர், அவர் மனைவி இருவரும் ஓடிபி என்ற விருப்புரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதை நாங்கள் ஏற்க 14 நாள் தவணை. இன்று ஆறாம் நாள். "அவர்கள் மனம் மாறிவிட்டார்கள், காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்" என்கிறார் அவர்களுடைய ஏஜெண்ட். பணத்தையும் நஷ்டஈட்டையும் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும்.

இன்று கடிதம் எழுதாதீர்கள். வீடு வேண்டுமா, பணம் போதுமா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். உங்களுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

ஓடிபி என்பது விற்பவர் உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த வாக்கு. "இந்தத் தேதிவரை இந்த விலைக்கு உங்களுக்குத்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மனம் மாறிவிட்டது என்று ஏஜெண்ட் சொல்வதால் அது ரத்தாகிவிடாது. தவணைக்குள் உங்கள் வழக்கறிஞர் ஏற்புப் பகுதியில் உங்கள் கையெழுத்தை வாங்கி, விலையில் மேலும் 4%, அதாவது 55,200 வெள்ளியோடு, ஓடிபியில் எழுதியிருக்கும் இடத்தில் எழுதியிருக்கும் முறையில் ஒப்படைத்துவிட்டால், விற்பனை ஒப்பந்தம் உண்டாகிவிடும். விற்பவருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சரி. கூடவே சிங்கப்பூர் நில ஆணையத்தில் கேவியட், அதாவது இந்த வீட்டில் உங்களுக்கு உரிமை இருக்கிறது என்ற அறிவிப்பு, ஒன்றைப் பதிந்துவிட்டால், அவர் சத்தமில்லாமல் இன்னொருவருக்குக் கைமாற்றுவதும் கடினம். அப்புறம், விற்றே ஆக வேண்டும் என்று உத்தரவிடும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

"என் பணத்தைத் திருப்பிக் கொடு" என்று எழுதிய நிமிடமே அந்தக் கதவு அநேகமாகச் சாத்திக்கொள்ளும். அவர்கள் வாக்கை முறித்ததை நீங்களும் ஏற்றுக்கொண்டு, உடன்பாட்டை முடித்துவிட்டீர்கள் என்றுதான் அதற்குப் பொருள். சொத்துமாற்ற வேலை செய்யும் அலுவலகத்தில் பல வருடம் இருந்தவள் நான். ஒரு தம்பதி கோபத்தில், இரவு பதினொரு மணிக்கு, "காசைக் கொடுங்கள், உங்கள் வீடே எங்களுக்கு வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நான்கு நாள் கழித்து, அந்த விலைக்கு அந்தப் பக்கத்தில் வேறு வீடே இல்லை என்று தெரிந்ததும் எங்களிடம் ஓடி வந்தார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் பதில் கடிதத்தோடு முதல் இணைப்பாக வந்தது அந்த ஒரு வரிதான். அந்த அக்காவின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அதே வாசகர்: இரண்டு நாள் யோசித்தோம் அக்கா. நம்பிக்கை போய்விட்டது, அந்த வீடு வேண்டாம். அதே கட்டடத்தில் அதே அளவு வீடு ஒன்று 1.41 மில்லியனுக்கு வருகிறது. மன உளைச்சலுக்கும் சேர்த்து 50,000 வெள்ளி கேட்கலாமா?

மன உளைச்சல் உண்மைதான், எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டு ஒப்பந்தம் முறிந்த வழக்கில் அதற்காகப் பொதுவாகப் பணம் கிடைக்காது. அதைச் சேர்த்தால், கணக்குத் தெரியாமல் கேட்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு உங்கள் மற்றத் தொகைகளையும் இலேசாக எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று. கொடுத்த 13,800 வெள்ளி. வழக்கறிஞருக்கும் வங்கி மதிப்பீட்டுக்கும் வீணாகப் போன செலவு, ரசீதோடு. அப்புறம் விலை வித்தியாசம்: வாக்கு முறிந்த நேரத்தில் அந்த வீட்டின் சந்தை மதிப்பு, நீங்கள் பேசிய விலையைவிட எவ்வளவு கூட இருந்ததோ அவ்வளவு. புதிய வீடு 1.41 என்பதால் 30,000 என்று உடனே எழுதிவிடாதீர்கள். அது எட்டு மாடி மேலே இருக்கிறதா, புதுப்பித்த வீடா என்று அவர்கள் கேட்பார்கள். மதிப்பீட்டாளரிடம் பழைய வீட்டுக்கே அந்தத் தேதிக்கு ஓர் அறிக்கை வாங்குங்கள். அவர் 1.395 என்று சொன்னால் உங்கள் நஷ்டம் 15,000 வெள்ளிதான். 1.38-க்குக் கீழே சொன்னால் வித்தியாசமே இல்லை. இது கசப்பாக இருக்கும், ஆனால் கடிதம் அனுப்பும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்றையும் காட்ட வேண்டும். அவர்கள் பின்வாங்காமல் இருந்திருந்தால் நீங்கள் நிச்சயம் வாங்கியிருப்பீர்கள் என்பதற்குச் சான்று. வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம், மசேநிதி இருப்பு, 4% தொகை கையில் இருந்த வங்கிக் கணக்கு. இவை இல்லாமல் கேட்டால், "உங்களிடம் பணமே இல்லை, எங்களால் என்ன நஷ்டம்?" என்பார்கள்.

கடிதம் ஆங்கிலத்தில் போகட்டும். சாரம் இப்படி இருந்தால் போதும்:

"இன்ன தேதியில் நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட ஓடிபியின்படி, இன்ன முகவரி வீட்டை 1,380,000 வெள்ளிக்கு விற்க ஒப்புக்கொண்டு 13,800 வெள்ளி பெற்றீர்கள். தவணை முடியும் முன்பே, இன்ன தேதியில் உங்கள் முகவர் வழியாக விற்க மறுத்தீர்கள். அந்த மறுப்பை ஏற்று உடன்பாட்டை முடித்துக்கொள்கிறோம். 13,800 வெள்ளியையும், இணைப்பில் கணக்குக் காட்டியுள்ள நஷ்டத்தையும் 14 நாளுக்குள் செலுத்தவும். தவறினால் மேலும் அறிவிப்பின்றி வழக்குத் தொடுப்போம்."

ஓடிபி நகல், காசோலை வங்கியில் கழிந்த பதிவு, ஏஜெண்டின் குறுஞ்செய்தி ஆகிய மூன்றையும் இணையுங்கள். பதிவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். மேலே "வித்தவுட் பிரஜுடிஸ்" என்று போடாதீர்கள். பலர் அதைக் கடிதத்துக்கு ஒரு கம்பீரம் என்று நினைத்துப் போடுகிறார்கள். அது சமரசப் பேச்சுக்கு உரிய வார்த்தை. போட்டால், நீங்கள் கேட்டீர்கள் என்பதைக் காட்டவே அந்தக் கடிதத்தை நீதிமன்றத்தில் நீட்ட முடியாமல் போகலாம்.

அடுத்து நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். பேநவில் திடீரென்று 13,800 வந்து விழும், கூடவே "முழுத் தீர்வாக" என்று ஒரு செய்தி வரும். பேசாமல் இருந்துவிடாதீர்கள். "கேட்ட தொகையில் ஒரு பகுதியாக மட்டும் பெற்றுக்கொள்கிறோம், மீதி நிலுவையில் உள்ளது" என்று அன்றைக்கே எழுத்தில் பதில் போடுங்கள். காசோலையாக வந்தால், வங்கியில் போடும் முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிடோக் வாசகர்: இவ்வளவு கணக்கு எதற்கு? வாங்குபவர் விலகினால் முன்பணம் போய்விடும், விற்பவர் விலகினால் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதானே சட்டம்?

பாதி சரி. வாங்குபவர் தவணைக்குள் ஏற்காவிட்டால் 1% விற்பவருக்கே போகும், அது ஓடிபியிலேயே இருக்கும். இரண்டு மடங்கு என்பது இங்கே பொதுச் சட்டம் இல்லை. உங்கள் ஓடிபியில் அப்படி ஒரு வரி எழுதியிருந்தால்தான் அதைப் பற்றிப் பேசலாம். எழுதியிருந்தாலும், உண்மையான நஷ்டத்துக்கு ஈடா, வெறும் தண்டனையா என்ற வாதம் வரும்.

செங்காங் வாசகர்: சார், நான் பார்த்தது வீவக மறுவிற்பனை வீடு, நாலறை. ஓடிபி இன்னும் கொடுக்கவில்லை. "டோக்கன் போடுங்கள், வேறு யாருக்கும் காட்டமாட்டேன்" என்றார், பேநவில் 2,000 வெள்ளி போட்டேன். இப்போது கூடுதல் விலைக்கு வேறு ஆள் வந்துவிட்டதாம். வீட்டை எனக்கே விற்கச் சொல்ல முடியுமா?

(சார் இல்லை, அக்காதான். பரவாயில்லை.) முடியாது. வீவக வீட்டுக்குக் கழகம் வகுத்த ஓடிபி படிவம் ஒன்றுதான் செல்லும். தனியாகப் பேசியது, தாளில் எழுதியது எதுவும் விற்பனை உடன்பாடாக நிற்காது. அந்தப் படிவத்தில் விருப்பக் கட்டணம் 1 வெள்ளி முதல் 1,000 வெள்ளிவரைதான். ஏற்கும்போது கொடுப்பதையும் சேர்த்து மொத்தம் 5,000-ஐத் தாண்டக்கூடாது. படிவமே இல்லாமல் 2,000 வாங்கியதே தப்பு.

ஆகவே உங்கள் கடிதம் சின்னதாக இருக்க வேண்டும்: இன்ன நாளில் இன்ன வீட்டுக்காக 2,000 வெள்ளி அனுப்பினேன், ஓடிபி தரப்படவில்லை, விற்பனை நடக்காது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஏழு நாளில் திருப்பித் தரவும். பேநவ் திரைப்பிடிப்பையும் அவருடைய செய்தியையும் இணையுங்கள். நஷ்டஈடு என்ற சொல்லே வேண்டாம். போலீசில் போட்டுவிடுவேன் என்று மிரட்டிப் பணம் கேட்கவும் வேண்டாம், அது உங்கள் பக்கமே திரும்பும். ஏமாற்று என்று உண்மையாகவே தோன்றினால், மிரட்டாமல் நேராகப் போய்ப் புகார் கொடுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: எனக்கும் இதே கதைதான் அக்கா. திருச்சி பக்கம் மனைக்கு இரண்டு லட்சம் டோக்கன் கொடுத்தேன், இப்போது ஆளையே காணோம். நீங்கள் சொன்ன 14 நாள் எனக்கும் உண்டா?

இல்லை தம்பி. மனை இருப்பது தமிழ்நாட்டில், அங்கே ஓடிபி முறையே கிடையாது. அங்குள்ள வழக்கறிஞர் ஒருவர் வழியாக நோட்டீஸ் அனுப்புங்கள். பணம் போன வங்கிப் பதிவையும், கையெழுத்திட்ட ரசீது இருந்தால் அதையும் இன்றே அவரிடம் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், உடன் இருந்தவர் யார் என்பதையும் எழுதி வையுங்கள்.

புங்கோல் வாசகர்: கூட்டுரிமை வீடுதான். நான் விலை எழுதிக் கொடுத்த கடிதமும் காசோலையும் ஏஜெண்டிடம். வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் "சரி, ஒப்புக்கொள்கிறேன், நாளை ஓடிபி தருகிறேன்" என்றார், காசோலையையும் போட்டுவிட்டார். ஓடிபி வரவே இல்லை. நான் முதல் வாசகர் மாதிரியா, செங்காங்காரர் மாதிரியா?

இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள், இதற்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நில விற்பனைக்கு, யாரிடம் கேட்கிறோமோ அவர் கையெழுத்திட்ட எழுத்துச் சான்று வேண்டும் என்பது சிவில் சட்டம், பிரிவு 6. மின்னஞ்சலும் எழுத்துதான், அதில் இருக்கும் பெயரே கையெழுத்தாகலாம் என்று 2005-ல் ஒரு கிடங்குக் குத்தகை வழக்கில் உயர் நீதிமன்றம் ஏற்றது. அந்த வழியில் வாட்ஸ்அப் செய்தியையும் வைத்து வாதாடலாம். ஆனால் "நாளை ஓடிபி தருகிறேன்" என்பதையே அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்: ஓடிபி வந்தால்தான் உடன்பாடு, அதுவரை பேச்சுதான் என்பார்கள். உங்கள் விலைக் கடிதத்தில் "ஒப்பந்தத்துக்கு உட்பட்டு" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பணத்தை மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.

காசோலை யார் பேருக்கு? ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் போயிருந்தால் அது வேறு விஷயம். சொத்து விற்பனைப் பணத்தை முகவர்கள் கையில் வாங்கவே கூடாது. சொத்து முகவர் மன்றத்தில் அதற்கென்று தனியாகப் புகார் கொடுக்கலாம்.

ஈசூன் வாசகர்: கடிதம் போய் 15 நாள் ஆகிவிட்டது அக்கா, பதில் இல்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாமா? அங்கே வக்கீல் செலவு இல்லையாமே.

அங்கே வீட்டு விற்பனை வழக்கை எடுக்கமாட்டார்கள், தொகை சின்னதாக இருந்தாலும். பொருள், சேவை, இரண்டு வருடத்துக்கு மேற்படாத வீட்டு வாடகை போன்றவைதான் அங்கே. உங்கள் தொகை 60,000 வெள்ளிக்குள் என்பதால் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம். ஒப்பந்த வழக்குக்கு ஆறு வருடம்வரை நேரம் உண்டு, ஆகவே பதற வேண்டாம். ஆனால் மதிப்பீட்டாளர் அறிக்கையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். வாங்கிவிட்டீர்களா? எவ்வளவு சொன்னார்?